கூட்டலில் 23 லட்சம் எங்கே போச்சு?

பத்தமடையிலிருந்து: அண்ணாச்சி, பாய் வியாபாரம்தான் எனக்குப் பிழைப்பு. வருட அறிக்கை போட ஓர் எக்ஸெல் ஷீட்டை 3,000 ரூபாய்க்கு வாங்கினேன். 18,75,400, 4,60,250, 99,800 என்று கமா சரியாக விழுகிறது. மொத்தம் மட்டும் 99,800 என்கிறது. விற்றவர் "நீங்க எதையோ அழிச்சிட்டீங்க" என்கிறார்.

நீங்கள் எதையும் அழிக்கவில்லை அம்மா. தப்பு அவர் கொடுத்த ஷீட்டில் இருக்கிறது. 4,60,250 இருக்கிற செல்லில் கர்சரை வைத்து, மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
=IF(C6>=100000,TEXT(C6,"##\,##\,##0"),C6)
```

`TEXT` என்பது எண்ணை வாங்கி எழுத்தாகத் திருப்பித் தருகிற ஃபார்முலா. லட்சத்தைத் தொட்ட இரண்டு தொகையும் எழுத்தாகிவிட்டன. லட்சத்துக்குக் கீழே இருந்த 99,800 மட்டும் எண்ணாகவே நின்றது. `SUM` எழுத்து இருக்கிற செல்லைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. 24,35,450 வரவேண்டிய இடத்தில் 23,35,650 காணாமல் போனது இப்படித்தான். மொத்தம் பூஜ்யம் என்று வந்திருந்தால்கூட உடனே கண்ணில் பட்டிருக்கும். பாதி எண், பாதி எழுத்தாக இருப்பது அதைவிட மோசம், ஏனென்றால் ஏதோ ஒரு தொகை வந்து உட்கார்ந்துவிடுகிறது, அதை நம்பி வங்கிக்கும் கொடுத்துவிடுகிறோம்.

சரிசெய்வது எளிது. அந்தச் செல்களில் `=C5`, `=C6` என்று மட்டும் போடுங்கள். எண் எண்ணாகவே இருக்கட்டும். அப்புறம் செல்களைத் தேர்ந்தெடுத்து `Ctrl+1` அழுத்தி, `Number` பக்கத்தில் `Custom` போய், `Type` பெட்டியில் இதை ஒட்டுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

அரைப்புள்ளி பிரிக்கிற மூன்று பகுதிகளில் முதலாவது கோடிக்கு, இரண்டாவது லட்சத்துக்கு, மூன்றாவது மிச்சத்துக்கு. கமாவுக்கு முன்னால் இருக்கிற `\` முக்கியம். அது இருந்தால்தான் கமா நாம் சொன்ன இடத்தில் விழும். அதை விட்டுவிட்டால் எக்ஸெல் தன் வழக்கப்படி எண்ணி 1,875,400 என்று காட்டும். இந்த முறையில் செல்லுக்குள் இருப்பது 1875400தான், மாறுவது கண்ணுக்குத் தெரிகிற தோற்றம் மட்டுமே. அதனால் கூட்டலும் வரும், சிறியது பெரியது என்று அடுக்கினாலும் சரியாக வரும். (எழுத்தாகிவிட்ட தொகைகளை அடுக்கிப் பாருங்கள், 4,60,250க்கு முன்னால் 18,75,400 வந்து நிற்கும்.)

மூலத் தொகையே இல்லாமல் கமாவோடு எழுத்து மட்டும் இருந்தால், பக்கத்து நிரலில் `=VALUE(SUBSTITUTE(D6,",",""))` போட்டு எண்ணாக்குங்கள். பிறகு அதைக் காப்பி செய்து, `Paste Special` போய் `Values` என்று ஒட்டிக்கொள்ளலாம்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். எழுத்து தானாக இடப்பக்கம் ஒட்டும், எண் வலப்பக்கம் ஒட்டும். வாங்குகிறவர் கண்டுபிடிக்க இருக்கிற முதல் அடையாளம் இதுதான். அதை மறைக்க எல்லாச் செல்லையும் வலப்பக்கம் தள்ளிவைத்து, ஷீட்டுக்குப் பாஸ்வேர்ட் பூட்டும் போட்டு விற்கிறார்கள். வாடகைக் கணக்குக்கு நான் காசு கொடுத்து வாங்கிய ஷீட்டும் இப்படித்தான் வந்தது. ஃபார்முலாவைக் காட்டச் சொன்னதற்கு "அது எங்க தொழில் ரகசியம்" என்றார்கள், பணமும் திரும்பவில்லை. பூட்டு இருந்தாலும் சோதிக்க வழி உண்டு. புது ஃபைல் ஒன்றைத் திறந்து `=ISNUMBER(` என்று தட்டி, வாங்கப்போகும் ஷீட்டின் அந்தச் செல்லைக் கிளிக் செய்து அடைப்பை மூடுங்கள். `FALSE` வந்தால் காசை எடுக்காதீர்கள்.

உங்கள் பணம் திரும்ப வரவேண்டும். எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். வியாபாரத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் இல்லை என்று விற்றவர் வாதம் செய்யலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகத் தொழில் செய்கிறவருக்கு 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. நீங்கள் அதில் வருவீர்கள். மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு.

மேலப்பாளையம்: லட்சம், கோடி கமா போட மட்டும் ஓர் ஆட்-இன் 1,500 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். மேலே உள்ள ஒரு வரி போதும்.

பாளையங்கோட்டை: என் கம்ப்யூட்டரில் 25,00,000 என்று வருகிற ஃபைல், ஆடிட்டர் ஆபீசில் 2,500,000 ஆகிறது. எக்ஸெல் விற்ற கடைக்காரர் மாற்றித் தருவாரா?

கடைக்காரர் மேல் குற்றமில்லை. உங்கள் விண்டோஸில் `Digit grouping` என்ற இடத்தில் 12,34,56,789 என்று வைத்திருக்கிறார்கள் (`intl.cpl`, அதில் `Additional settings`). சாதாரண `#,##0` வடிவம் அந்த அமைப்பைப் பார்த்துத்தான் கமா போடும். அது கம்ப்யூட்டரோடு இருக்கிற அமைப்பு, ஃபைலோடு போகாது. வெளியே அனுப்புகிற அறிக்கை என்றால் முதல் பதிலில் உள்ள வடிவத்தைச் செல்லிலேயே போட்டுவிடுங்கள், அது ஃபைலோடு போகும்.

வள்ளியூர்: டெமோ பார்க்க நேரமில்லை. ஷீட்டை வாங்கி ஆறு மாதமாகத் திறக்கவும் இல்லை. இப்போது பிடிக்கவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது. ஆறு மாதம் திறக்காதவருக்காக நான் யாரிடம் போய்ப் பேசுவது? முதலில் திறந்து `ISNUMBER` சோதனையைச் செய்யுங்கள். குறை இருந்தால் எழுதுங்கள்.

அம்பாசமுத்திரம்: ரைஸ்மில் கணக்கு. நீங்கள் முன்பு சொன்ன வடிவத்தைப் போட்டேன். லாபம் 3,40,000 என்று சரியாக வருகிறது, நஷ்டம் மட்டும் -250,000 என்று வருகிறது.

அந்த வடிவத்தின் எல்லை அதுதான். ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைக்குத்தான் இடம், அவற்றைக் கோடியும் லட்சமும் எடுத்துக்கொண்டன. மைனஸ் எண்கள் எல்லாம் மூன்றாம் பகுதிக்குப் போய் ஆயிரக் கமா வாங்கிக்கொள்கின்றன. இதற்கும் `TEXT` பக்கம் போகாதீர்கள். அறிக்கைத் தொகை D5இல் தொடங்குகிறது என்றால், `Conditional Formatting`, `New Rule`, `Use a formula` என்று போய் இரண்டு விதி சேருங்கள். `=D5<=-10000000` என்ற விதிக்கு `Format`, `Number`, `Custom` வழியாக `##\,##\,##\,##0` கொடுங்கள். `=D5<=-100000` என்ற விதிக்கு `##\,##\,##0` கொடுங்கள். மைனஸ் குறியை நீங்கள் போடவேண்டாம், ஒரே பகுதி உள்ள வடிவத்தில் எக்ஸெல்லே போட்டுக்கொள்ளும். கோடி விதி பட்டியலில் மேலே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் -1,20,00,000 என்பது -120,00,000 ஆகிவிடும்.

தென்காசி: ஒரே ஒரு செல்லில் மட்டும் 100,000 என்று விழுகிறது. மற்றதெல்லாம் சரி.

அந்தச் செல்லில் 99,999.75 மாதிரி பைசாவோடு ஒரு தொகை இருக்கும். நிபந்தனை உண்மைத் தொகையைப் பார்க்கும், அது லட்சத்துக்குக் கீழே. முழு ரூபாயாக்குவது அதற்குப் பிறகுதான் நடக்கிறது. பைசா காட்டாத அறிக்கையில் `[>=99999.5]`, `[>=9999999.5]` என்று நிபந்தனையை மாற்றுங்கள், 1,00,000 என்று விழும்.