தடிப்பு இறங்கிய பிறகு வரும் ஆபத்து: மணல்வாரி பற்றி வாசகர் கேள்விகள்

என் பேத்திக்கு இருபது மாதம். மணல்வாரி போட்டு, தடிப்பெல்லாம் இறங்கித் தலைக்குத் தண்ணியும் ஊத்தியாச்சுங்க. இரண்டு நாளாகக் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். வெளிச்சம் கூசுகிறது போல. அங்கன்வாடியில் கையை அளந்தபோது பட்டை சிவப்பில் நின்றது. விட்டால் சரியாகிவிடுமா? (பல்லடம் பக்கம், தறிக்குடும்பம்)

விடாதீர்கள் அம்மா. இதைப் படித்த உடனே குழந்தைகள் பிரிவும் கண் பிரிவும் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கண்ணைப் பிரித்துப் பார்க்க இமையை அழுத்த வேண்டாம். கருவிழி இளகியிருந்தால் அந்த அழுத்தமே அதைக் கிழித்துவிடும்.

மணல்வாரியில் கண் சிவப்பதும் பீளை கட்டுவதும் வழக்கம்தான். சதைப்பிடிப்புள்ள குழந்தைக்கு அது தானாகவே தெளிந்துவிடும். மெலிந்த குழந்தையின் கதை வேறு. வைட்டமின் ஏ கல்லீரலில் சேமித்து வைக்கப்படுகிறது. அங்கிருந்து கண்ணுக்குப் போக அதைச் சுமக்க ஒரு புரதம் வேண்டும். இந்தக் குழந்தைகளிடம் சேமிப்பும் குறைவு, சுமக்கும் புரதமும் குறைவு. மணல்வாரிக் காய்ச்சல் இருப்பதையும் கரைத்துவிடுகிறது. கூடவே வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பிடுவதும் உடம்பில் ஒட்டாது. கருவிழி வறண்டு, மங்கி, புண்ணாகிவிடும். இதே வைட்டமின்தான் மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உள்தோலையும் காக்கிறது. அதனால்தான் கண்ணோடு நுரையீரலும் சேர்ந்து கெடுகிறது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். ஒன்றரை வயது, ஏழு கிலோ, கைச் சுற்றளவு 11.1 சென்டிமீட்டர். (11.5-க்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டக்குறைவு.) தடிப்பு வந்ததே லேசாகத்தான். பிறகு தோல் கறுத்து உரிய ஆரம்பித்தது. கண் கூசியதற்கு அவன் அப்பத்தா தாய்ப்பாலும் நந்தியாவட்டைப் பூச்சாறும் விட்டிருந்தார். காய்ச்சல் இல்லை, ஆகவே நோய் இறங்கிவிட்டது என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன். ஐம்பத்திரண்டு. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாற்பதோ அதற்கு மேலோ போனால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். மிக மெலிந்த பிள்ளைக்குக் கிருமியோடு சண்டை போடத் தெம்பில்லாமல் உடம்பு சுடாமலே போகும். காய்ச்சல் இல்லை என்பதை அவர்களிடம் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்றே 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ, அதாவது நம் சுகாதார நிலையச் சிரப்பில் 2 மில்லி, வாய்வழியாகக் கொடுத்தோம். மறுநாளும் அதே அளவு. பதினைந்தாம் நாள் மூன்றாவது தடவை. கண்ணுக்கு ஆன்டிபயாடிக் மருந்து, அழுத்தாத மூடி. நிமோனியாவுக்கு ஊசி. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணிக்கொரு தடவை, இரவிலும். வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண்ணில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. கண் கூச ஆரம்பித்து ஆறாம் நாள்தான் வந்தார்கள். பூச்சாறு விட்ட அப்பத்தாவை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த முறை அந்தத் தெருவிலிருந்து யாருமே வந்திருக்க மாட்டார்கள்.

போன மாதம்தான் கிராம நர்ஸ் வைட்டமின் ஏ கொடுத்தாங்க. மணல்வாரி வந்தால் மறுபடியும் வேணுமா? முருங்கைக்கீரை, கேரட் போதாதா? (கோபிசெட்டிபாளையம்)

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது சேமிப்புக்கு. மணல்வாரிக்குக் கொடுப்பது சிகிச்சை. இரண்டும் வேறு வேறு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 50,000 யூனிட், ஆறு முதல் பதினொரு மாதம் வரை ஒரு லட்சம், ஒரு வயதுக்கு மேல் இரண்டு லட்சம். அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்க வேண்டும். பலரும் முதல் நாளோடு விட்டுவிடுகிறார்கள். ஒற்றைத் தடவையைவிட இரண்டு தடவை கொடுத்ததில்தான் சின்னக் குழந்தைகளின் சாவு தெளிவாகக் குறைந்தது. அதனால் மறுநாள் வரச்சொன்னால் கட்டாயம் போங்கள். கண்ணில் குறைபாட்டின் அடையாளம் இருந்தாலோ குழந்தை கடுமையாக மெலிந்திருந்தாலோ சில வாரம் கழித்து மூன்றாவது தடவையும் உண்டு.

தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோய் போன தடவை கொடுத்த தேதியைக் காட்டுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் வாந்தி வரும், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைக்கும். கீரையும் கேரட்டும் நல்லவைதான், வழக்கமான நாட்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொடுங்கள். ஆனால் வயிற்றுப்போக்கோடு கிடக்கும் குழந்தைக்கு இரண்டு நாளில் தேவைப்படுவதைக் கீரையால் கொடுத்துவிட முடியாது. ஒன்று மறக்க வேண்டாம்: வைட்டமின் ஏ மணல்வாரி வராமல் தடுக்காது. அதற்கு ஊசிதான்.

பத்தியம்?

வேண்டாம். தாய்ப்பால், முட்டை, பருப்பு, நெய் விட்ட சோறு, எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். வாயில் புண் இருந்தால் காரம் இல்லாமல் குழைத்துக் கொடுங்கள்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் மையத்தில் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது. வாசலில் வேப்பிலை செருகி வீட்டோடு வைத்திருக்கிறார்கள். எத்தனை நாள் கழித்துச் சேர்ப்பது? (பெருந்துறை)

வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வெளி ஆள் போகாத நம் ஊர் வழக்கம் எனக்குப் பிடித்த வழக்கம். அதில் ஒரே சிக்கல் நாள் கணக்கு. தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே, வெறும் சளி இருமலாக இருக்கும்போதே, நோய் பரவ ஆரம்பித்துவிடுகிறது. தடிப்பு வந்து நான்கு நாள் வரை பரவும். மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றிக் கோயிலுக்குத் தூக்கிப் போனால் அந்தக் கூட்டத்துக்கே கொடுத்துவிட்டு வருவோம். கடுமையாக மெலிந்த பிள்ளையின் உடம்பில் வைரஸ் இன்னும் நீண்ட நாள் இருக்கும். அதற்கு நான்கு நாள் கணக்கு பார்க்காதீர்கள், மருத்துவர் சொன்ன பிறகு சேருங்கள்.

இது காற்றில் பரவுவது. இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். எனவே அந்தப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் உட்கார வைக்க வேண்டாம். முன்பே போனில் சொல்லிவிட்டு வெளியே மரத்தடியில் நிற்கச் சொல்லுங்கள். ஊட்டக்குறைவுக் குழந்தைகள் படுத்திருக்கும் வார்டுக்குள் தெரியாமல் ஒரு மணல்வாரி நுழைவதுதான் எனக்கு மிகப் பெரிய பயம். உங்கள் மையத்தில் பட்டை சிவப்பிலும் மஞ்சளிலும் நிற்கும் பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி, அவர்களுடைய ஊசி அட்டையை இன்றே பாருங்கள்.

மூத்தவனுக்கு நேற்றுத் தடிப்பு வந்தது. கைக்குழந்தைக்கு ஏழு மாதம். இப்போதே ஊசி போட்டால் தப்புமா? (சோமனூர்)

நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் போட்டால் தடுக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவியிருக்கும், ஆகவே அந்த நேரம் பெரும்பாலும் தாண்டியிருக்கும். அப்படியும் இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். கைக்குழந்தைக்கு ஆறு நாளுக்குள் நோய் எதிர்ப்புப் புரத ஊசி போடும் வழியும் உண்டு. தடுப்பூசியைப் போட்டாலும் அது கணக்கில் சேராது, ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் வழக்கமான ஊசி திரும்ப வேண்டும். அடுத்த மூன்று வாரம் குழந்தையைக் கவனியுங்கள். மூச்சு வேகமானால், பால் குடிக்க மறுத்தால், கண் கூசினால் தடிப்புக்காகக் காத்திருக்காமல் தூக்கி வாருங்கள்.