சிக்கன் ரெசிபியில் மீஸான் பிளாஸ், ரூ, சூ வீட் என்று வருகிறது. இதெல்லாம் என்ன? ரூவில் செய்த சாஸ் ஏன் கட்டி தட்டுகிறது?

ரூ என்றால் சம எடை வெண்ணெயும் மைதாவும் அடுப்பில் சேர்ந்து வெந்த கலவை. பிரெஞ்சில் செம்பழுப்பு என்று பொருள். அரை லிட்டர் சிக்கன் ஸ்டாக்குக்கு வெண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம் போதும். தராசில் நிறுத்துப் போடுங்கள். ஸ்பூன் கணக்கில் இரண்டுக்கு இரண்டு போட்டால் மைதா பாதியளவுதான் இருக்கும், சாஸ் தண்ணியாகவே நிற்கும்.

சிறு தீயில் வெண்ணெய் உருகியதும் மைதாவைக் கொட்டி இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். ஈர மணல் மாதிரி நுரைத்து, பச்சை வாசனை போய், பிஸ்கட் வாசனை எட்டிப்பார்க்கும். வெள்ளை சாஸுக்கு அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னும் சிவக்க விட்டால் ருசி கூடும், ஆனால் சூட்டில் ஸ்டார்ச் உடைந்து கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். அதனால்தான் பிரவுன் ரூவுக்கு மாவு அதிகம் கேட்கிறது.

இப்போது கட்டி விஷயம். கொதிக்கிற நீரில் மைதாவை நேராகப் போட்டால் உருண்டையின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே நீர் போகாமல் அடைத்துக்கொள்ளும். ரூவில் ஒவ்வொரு மாவுத் துகளையும் வெண்ணெய் பூசிப் பிரித்து வைக்கிறது. ஆனாலும் கொதிக்கும் ரூவில் கொதிக்கும் ஸ்டாக்கை மொத்தமாக ஊற்றினால் அதே கதைதான். ரூ சூடாக இருந்தால் ஸ்டாக் ஆறியிருக்கட்டும். முதலில் ஒரு கரண்டி ஊற்றி விஸ்கால் வழுவழுப்பாக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீதி. கொதி வந்தால்தான் முழுசாகக் கெட்டியாகும். அதற்கு முன்பே நீர்த்திருக்கிறதென்று மாவு சேர்க்காதீர்கள். பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தபின், கரண்டியின் பின்புறம் விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

மீஸான் பிளாஸ் என்பது எல்லாவற்றையும் அளந்து, நறுக்கி, எடுத்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பது. ரூ நுரைக்கும்போது ஸ்டாக் தேடிப் போனால் திரும்புவதற்குள் நிறம் மாறியிருக்கும்.

சூ வீட் என்றால் வெற்றிடத்தில் என்று அர்த்தம். இறைச்சியைப் பையில் போட்டு, காற்றை எடுத்து மூடி, வெந்நீரில் வேகவைக்கும் முறை. உண்மையில் வேலை செய்வது வெற்றிடமல்ல, மாறாத வெந்நீர்ச் சூடு. பையில் காற்றை எடுப்பது நீர் இறைச்சியோடு ஒட்டி நின்று சூட்டைக் கடத்தத்தான். மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள நெஞ்சுக்கறிக்கு 63 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பையில் ஊறிய சாற்றை அப்படியே சாஸில் ஊற்றாதீர்கள். அதில் இன்னும் உறையாத புரதம் இருக்கிறது, கொதித்ததும் சாம்பல் நிறத் திப்பிகளாகத் திரளும். கட்டி தட்டியதென்று பலர் ரூவைத் திட்டுவது இதனால்கூட இருக்கலாம். சாற்றைத் தனியே கொதிக்கவைத்து வடிகட்டி, ஸ்டாக்கோடு சேருங்கள்.