மாத்திரை தொடங்கியும் காலில் சிவப்பு ஏறுகிறது

"அப்பாவுக்கு அதே வலது காலில் மூன்றாவது முறையாக செல்லுலைட்டிஸ் என்ற தோல் கிருமித்தொற்று. நேற்று ஆன்டிபயாடிக் தொடங்கினோம். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் சிவப்பு ஒரு விரல் அகலம் ஏறியிருக்கிறது. மருந்தை மாற்றணுமா?"

இப்போதைக்கு வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் சிவப்பு கொஞ்சம் பரவுவது சகஜம். கிருமி செத்தாலும் வீக்கம் உடனே அடங்காது. காய்ச்சல் இறங்கியதுதான் நல்ல அறிகுறி.

சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். காலை இடுப்புக்கு மேலே இருக்கும்படி தலையணையில் உயர்த்தி வையுங்கள். மருந்து தொடங்கி 48 மணி நேரம் கழித்தும் கோட்டைத் தாண்டிப் பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். பாதியில் நன்றாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அதே காலில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் விரலிடுக்கில்தான். நாலாவது, ஐந்தாவது விரல்களை விரித்துப் பாருங்கள். தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தால் அது பெரும்பாலும் சேற்றுப்புண், அதாவது பூஞ்சை. கிருமி நுழையும் வழி அதுதான். அதற்கான களிம்பை டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள், குளித்ததும் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். அப்புறமும் வந்தால், தினமும் குறைந்த அளவு பென்சிலின் மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு, அதையும் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: வெளியே தெரிவதை மீறிய கடும் வலி, கருநீலக் கொப்புளம், குழப்பமான பேச்சு, மறுபடி குளிர்காய்ச்சல், இதில் எது வந்தாலும் 48 மணி நேரமெல்லாம் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.