முதல் இரண்டு இரவு தூங்கவைத்த மாத்திரை, நாலாம் நாள் ஏன் கைவிட்டது?

கேள்வி: எனக்கு 63 வயது. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா வந்து மூன்று வாரம் ஆகிறது. இரவில் தூக்கமே இல்லை. மருமகன் கடையில் சீட்டு இல்லாமலே வாங்கி வந்த டாக்ஸிலமைன் 25 மில்லிகிராம் மாத்திரையைப் போட்டேன். முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். நாலாம் நாளிலிருந்து பலிக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, காலை பத்து மணி வரை தலை மந்தமாக இருக்கிறது. இரண்டு மாத்திரையாகப் போடலாமா? அல்லது வீட்டில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமைனுக்கு மாறலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடுங்கள்.

இவை இரண்டுமே பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள். டைஃபென்ஹைட்ரமைன் 1940களிலேயே அரிப்புக்கும் தும்மலுக்கும் வந்தது. டாக்ஸிலமைனை வைட்டமின் பி6 உடன் சேர்த்து மசக்கை வாந்திக்குக் கொடுக்கிறோம். உங்கள் மகளே அதைச் சாப்பிட்டிருக்கலாம். தூக்கம் இவற்றின் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவைத்தான் தூக்க மாத்திரை என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

நம்மை விழிப்பாக வைத்திருக்க மூளை பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று ஹிஸ்டமின். மாத்திரை அது போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடுவதால் கண் சொக்குகிறது. ஆனால் விழிப்புக்கு மூளை ஹிஸ்டமினை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஒரு வழி அடைபட்டால் மற்ற வழிகள் ஓங்கி ஈடுகட்டிவிடுகின்றன என்று கருதுகிறோம். அதற்குச் சில நாளே போதும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள ஆண்களுக்கு டைஃபென்ஹைட்ரமைன் 50 மில்லிகிராம் தினம் இருவேளை கொடுத்தார்கள். முதல் நாள் நன்றாகத் தூக்கம் தட்டியது. நாலாம் நாள் இந்த மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. உங்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுவே. இரண்டு மருந்தும் அடைப்பது ஒரே இடத்தை என்பதால், மாறுவதிலும் பயனில்லை.

வாய் வறட்சிக்குக் காரணம் வேறு. இந்த மருந்துகள் அசிடைல்கோலின் என்ற இன்னொரு பொருளின் வேலையையும் தடுக்கின்றன. உமிழ்நீர் சுரக்கவும், குடல் நகரவும், சிறுநீர்ப்பை சுருங்கவும், மூளையில் கவனமும் நினைவும் நிற்கவும் அது வேண்டும். தூக்கம் பழகிப்போகும் வேகத்தில் இந்தத் தொல்லைகள் பழகுவதில்லை. பலன் போய்விடுகிறது, தொல்லை தங்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டாவது மாத்திரைக்கு நான் இவ்வளவு அழுத்தமாக மறுப்புச் சொல்கிறேன்.

காலை மந்தத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டாக்ஸிலமைன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் பத்து மணி நேரம் பிடிக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கூடலாம். இரவு 11 மணிக்கு ஒரு மாத்திரை போட்டால், காலை 9 மணிக்கும் பாதி மாத்திரை உள்ளே இருக்கிறது. இரண்டு போட்டால், குழந்தையைக் குளிப்பாட்டும் அந்த நேரத்தில் ஒரு முழு மாத்திரை உடலில் இருக்கும். மந்தம் நமக்கே தெரியும் என்றும் நம்பிவிட முடியாது. கார் ஓட்டும் பயிற்சிக் கருவியில் நடத்திய ஒரு சோதனையில், டைஃபென்ஹைட்ரமைன் சாப்பிட்டவர்கள் எவ்வளவு தடுமாறி ஓட்டினார்கள் என்பதை அவர்கள் சொன்ன தூக்கக் கலக்கத்தை வைத்துக் கணிக்க முடியவில்லை. நிறுத்தி இரண்டு நாள் ஆகும் வரை குழந்தையைக் குளிப்பாட்டுவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. வாய் வறளுகிறதென்று படுக்கும் முன் தண்ணீர் குடிப்பீர்கள். நடுராத்திரி சிறுநீர் முட்டும். பழக்கமில்லாத வீட்டில், இருட்டில், மருந்து மயக்கத்தோடு எழுந்து நடப்பீர்கள். இடுப்பெலும்பு முறிவு இப்படித்தான் நேர்கிறது. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் பீர்ஸ் பட்டியலில் இவை இரண்டும் இருக்கின்றன.

நிறுத்திய முதல் ஓரிரு இரவு தூக்கம் இன்னும் மோசமாகத் தோன்றலாம். அது மருந்து விலகுவதால் வருவது, பயந்து மறுபடி தொடங்காதீர்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் பயணக் களைப்பு இந்நேரம் பெரும்பாலும் தீர்ந்திருக்க வேண்டும். குழந்தை அழும்போது எழுவதும், அதை ஈடுகட்டப் பகலில் நீண்ட நேரம் தூங்குவதும்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரவு முறையை மகளோடும் மருமகனோடும் பிரித்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கம் மதியம் மூன்று மணிக்கு முன் அரை மணி நேரம் போதும். காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் சிறிது நேரம் நடங்கள்.

சளிக்கும் வலிக்கும் இரவில் போடச் சொல்லி அங்கே விற்கும் மருந்துகள் பலவற்றிலும் இவற்றில் ஒன்று கலந்திருக்கும். பெட்டியின் பின்புறம் மருமகனைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்துப் பார்வை மங்கினாலோ, காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைக்குப் போய், சாப்பிட்ட மாத்திரையின் பெட்டியைக் காட்டுங்கள்.