கோழி வெட்டும் பலகையில் போகாத வாடை

“உப்பு, எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் மறுநாள் வாடை வருகிறது. பலகையை மாற்ற வேண்டுமா? கடலோர ஊரான மண்டபத்தில் இருக்கிறோம்.”

உடனே வேண்டாம். முதலில் சூடான சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 4 லிட்டர் நீரில் 1 மேசைக்கரண்டி வாசனையற்ற பிளீச் கலந்து ஊற்றிச் சில நிமிடம் விட்டு அலசுங்கள். எலுமிச்சை வாடையைத்தான் குறைக்கும், கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. அதைப் பிளீச்சுடன் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

கத்திக் கீறலில் தங்கும் ஈரமே காரணமாக இருக்கலாம். அதில் மிஞ்சிய உப்பு கடற்காற்றின் ஈரத்தையும் இழுக்கும். படுக்கவைக்காமல், இருபுறமும் காற்றுப்பட நிறுத்திக் காயவையுங்கள்.

காய்ந்தபின் நகத்தால் வருடுங்கள். நகம் இறங்கும் பள்ளமோ வெடிப்போ தேய்த்தும் சுத்தமாகாவிட்டால் மாற்றிவிடுங்கள். கனத்த புளியங்கட்டையானால் தச்சரிடம் இழைத்து வாங்கலாம். வெடிப்புக்கு அது உதவாது.