டேப்பைக் கிழிக்கும் முன்பே வீடியோ ஓடட்டும்

"ஆன்லைனில் போன் வாங்கினேன். பெட்டிக்குள் வேறொரு பழைய போன் இருந்தது. பிரிக்கும்போது எடுத்த வீடியோவை அனுப்பியும் ஏற்க மறுத்துவிட்டார்கள். அடுத்த முறை எப்படி எடுக்க வேண்டும்?"

புகாரைப் பார்ப்பவருக்கு ஒரே சந்தேகம்தான்: பார்சலை ஏற்கெனவே பிரித்து, பொருளை மாற்றி, மறுபடி ஒட்டிவிட்டு எடுத்த வீடியோவா இது? அந்தச் சந்தேகத்துக்கு இடமே தராமல் எடுக்க வேண்டும்.

இன்னொருவரை எடுக்கச் சொல்லியோ, போனை ஸ்டாண்டில் வைத்தோ, மேசை முழுவதும் தெரியும்படி படம்பிடியுங்கள். முதலில் லேபிளை நெருக்கத்தில் காட்டுங்கள். ஆர்டர் எண்ணும் கூரியரின் டிராக்கிங் எண்ணும் வாசிக்கும்படி இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள். பளபளக்கும் லேபிளில் விளக்கு பட்டால் எழுத்து வெள்ளையாகிவிடும். சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு ஆறு பக்கங்களையும், டேப் ஒட்டிய ஓரங்களையும் மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தால் அங்கே நின்று காட்டுங்கள். வழியில் பிரிக்கப்பட்டதற்கான முதல் அடையாளம் அதுதான். வீட்டில் தராசு இருந்தால், பிரிக்கும் முன் எடையையும் காட்டுவது நல்லது.

இனி கத்தரியை எடுக்கலாம். கடைசிவரை பெட்டியும் கைகளும் பிரேமை விட்டு வெளியே போகக் கூடாது. என் உறவினர் ஒருவர், உள்ளே விரிசல் விட்ட போனைக் கண்டதும் பதறி, வெளிச்சத்துக்காகப் போனை ஜன்னலோரம் கொண்டுபோனார். நான்கே நொடிதான் அது பிரேமில் இல்லை. அந்த நான்கு நொடியைக் காரணம் காட்டியே புகாரை நிராகரித்தார்கள். உடைந்தது உண்மை என்று தெரிந்தும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன் என்றால் இன்னும் ஒரு படி உண்டு. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ, பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் காட்டி, போனை இயக்கி *#06# அழுத்தி, திரையில் வரும் எண்ணையும் அதே வீடியோவில் காட்டுங்கள். பில்லில் எண் இருந்தால் மூன்றையும் ஒப்பிடுங்கள். எது எதோடு ஒத்துப்போகவில்லை என்பதே உங்கள் புகாரின் மையம். இயங்காத போன் என்றால், பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்துவதையாவது காட்டுங்கள்.

எடுத்த பின் வெட்டாதீர்கள், இசை சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, லேபிள் எழுத்து மங்கிவிடும். அனுப்புவது பிரதியாக இருக்கட்டும். அசல் கோப்பு, எடுத்த போனிலேயே இருக்க வேண்டும். வழக்கு நுகர்வோர் ஆணையம்வரை போனால், 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்கப்படலாம். அதில் கருவியின் விவரத்தோடு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் வரும். கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

புகாரை அன்றைக்கே, ஆப் வழியாகவே பதியுங்கள். மறுத்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.