இரண்டு கடை, ஒரு கேப்ஷன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் கைமுறுக்கு செய்து விற்கிறேன். பக்கத்துத் தெரு காபித்தூள் கடையோடு சேர்ந்து தீபாவளிப் பெட்டி போடுகிறோம். ‘இரு நிறுவனங்களும் கைகோர்ப்பதில் பெருமகிழ்ச்சி’ என்று தொடங்கி இன்ஸ்டாகிராமில் எழுதினேன். ஒருவர்கூட விலை கேட்கவில்லையே?

இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுதலாம். ஆனால் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மீதி தட்டினால்தான் விரியும். அந்த இடத்தை உங்கள் மகிழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டீர்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதற்குக் கொடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

*கால் கிலோ காபித்தூள், கால் கிலோ கைமுறுக்கு. ஒரே பெட்டி, 340 ரூபாய்.*
*(காபிக் கடை பெயர்) தருவது: ஆர்டர் வந்த பிறகு அரைக்கும் தூள், சிக்கரி 20 சதவீதம்.*
*(உங்கள் பெயர்) தருவது: கையால் சுற்றிய முறுக்கு, எடுத்துப்போகும் நாளுக்கு முந்தின நாள் சுட்டது.*
*தனித்தனியே வாங்கினால் 220 + 160 = 380 ரூபாய்.*
*நவம்பர் 3 வரை, அல்லது 60 பெட்டி தீரும் வரை. ஆர்டர் முறுக்குக் கடை வாட்ஸாப்பில் மட்டும். பெட்டியைக் காபிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், காலை 9 முதல் இரவு 8 வரை.*

‘தரமான’, ‘சுவையான’ எதுவும் இல்லை, பாருங்கள். ‘முந்தின நாள் சுட்டது’ என்றாலே போதும். சிக்கரி அளவை விட்டுவிட்டால் முதல் கமென்ட்டே அதைப் பற்றித்தான் வரும்.

கேள்வி: ‘கூட்டுச் சலுகை, 10 சதவீதம் தள்ளுபடி’ என்று போட்டோம். தூள் மட்டும் வாங்க வந்தவரும் தள்ளுபடி கேட்டு நின்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். எதன் மேல் தள்ளுபடி என்று நீங்கள் எழுதவில்லை. சதவீதத்தை விட்டுவிட்டுப் பெட்டி விலையை எழுதுங்கள், ‘பெட்டியாக வாங்கினால் மட்டும்’ என்று ஒரு வரி சேருங்கள்.

குறைத்த பணத்தை யார் தாங்குவது என்பதையும் கேப்ஷன் போடுமுன் பேசிவிடுங்கள். மேலே சொன்ன பெட்டியில் 40 ரூபாய் குறைகிறது. ஆளுக்குப் பாதி என்றால் முறுக்குக்காரருக்குத்தான் அடி, அவர் பொருளின் விலை குறைவு. விலை விகிதத்தில் பிரித்தால் காபிக் கடை 23, முறுக்கு 17 ரூபாய் விட்டுக்கொடுக்கும். கைக்கு 197, 143 வரும். அட்டைப்பெட்டிச் செலவு தனி. அதை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இருவர் பக்கத்திலும் தனித்தனியே போடலாமா?

வேண்டாம். பதிவிடும்போது Tag people உள்ளே Invite collaborators இருக்கும். மற்றக் கடையை அதில் சேருங்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு அதே பதிவு இரு பக்கத்திலும் தெரியும், லைக்கும் கமென்ட்டும் ஒரே இடத்தில் சேரும். கேப்ஷனைத் திருத்துவது பதிவிட்டவரால்தான் முடியும் என்பதால், ஆர்டர் வாங்கும் கடையே பதிவிடட்டும்.

இங்கேதான் ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டேன். ‘எங்கள் கடையில் வாங்கலாம்’ என்று எழுதிவிட்டேன். இரண்டாவது கடையின் பக்கத்தில் படித்தவர்கள் அந்தக் கடைக்கே போய் நின்றார்கள், அங்கே பெட்டியே இல்லை. அன்றிலிருந்து ‘நாங்கள்’, ‘எங்கள்’ எழுதுவதில்லை, கடைப் பெயரைத்தான் எழுதுகிறேன். பெயருக்கு முன்னால் @ போட்டால் தட்டியதும் அந்தப் பக்கம் திறக்கும். கேப்ஷனில் ஒட்டும் இணைப்பு அப்படித் திறக்காது.